படிக்க முடியாத செக்டர்கள்: பழுதான ஹார்ட் டிஸ்கை நகலெடுக்கும் முறை

ஹார்ட் டிஸ்கில் தகவல் முழுவதும் செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாகவே எழுதப்படுகிறது. கணினியின் கணக்கில் ஒரு செக்டர் 512 பைட். அண்மைக்காலத்து டிஸ்குகள் பலவற்றில் உள்ளே அது 4096 பைட். அதாவது கணினி எட்டு செக்டராக எண்ணுவது தட்டின் மேல் ஒரே துண்டு. ஒவ்வொரு துண்டோடும் பிழை திருத்தக் குறியீடு ஒன்றும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். படிக்கும்போது சில பிட்கள் தவறாக வந்தால் அந்தக் குறியீட்டைக் கொண்டு டிஸ்க் தானே சரிசெய்துவிடும். தவறுகள் அந்த அளவை மீறும்போது டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கடைசியில் முடியவில்லை என்று கணினிக்குத் தெரிவிக்கும். இதுதான் படிக்க முடியாத செக்டர்.

ஒரு நல்ல டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 500 ஜிபியை ஒன்றரை மணி நேரத்துக்குள் நகலெடுத்துவிடலாம். பழுதான செக்டரோ ஒவ்வொன்றும் பல நொடிகளை விழுங்கும். ஒன்றுக்கு ஏழு நொடி என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் செக்டர்களுக்கு மட்டும் 19 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் டிஸ்கின் தலைப்பகுதி சேதமான இடத்தின் மேலேயே உழன்றுகொண்டிருக்கும். ஏற்கெனவே தளர்ந்துபோன டிஸ்க் அதற்குள் முழுதாக நின்றுவிட்டால், அதுவரை தொடாத நல்ல பகுதியும் கையை விட்டுப் போகும்.

சாதாரண நகல் கருவிகள் தடுமாறுவது இங்கேதான். கோப்புகளை இழுத்து வேறு டிஸ்கில் போடும் முறை, முதல் பிழை வந்ததும் நின்றுவிடும் அல்லது நீண்ட நேரம் உறைந்துவிடும். லினக்ஸின் dd கட்டளைக்குப் பிழையைப் பொருட்படுத்தாமல் தொடரச் சொல்லலாம். ஆனால் அது வரிசை மாறாமல் முதலிலிருந்து கடைசிவரை போகும். சேதமான இடத்திலேயே நேரத்தைச் செலவிடும். 64 கேபி துண்டுகளாகப் படிக்கச் சொல்லியிருந்தால், ஒரே ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் அந்தத் துண்டில் மற்ற நல்ல செக்டர்களையும் இழக்க நேரிடும். பாதியில் நின்றால், எது வந்தது, எது வரவில்லை என்ற பதிவும் இருக்காது.

இதற்காகவே எழுதப்பட்டது ddrescue. அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய இது, க்னூ திட்டத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள். பெயரில் நெருங்கிய dd_rescue என்பது வேறொருவர் எழுதிய தனிக் கருவி. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ddrescue கட்டளையைப் பெற gddrescue என்ற பொதியை நிறுவ வேண்டும்.

எளிதாக வருவதை முதலில் எடுப்பது, கடினமானதைக் கடைசிக்குத் தள்ளுவது: ddrescue-வின் வழி இதுதான். வேலை நான்கு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் பெரிய துண்டுகளாகப் படித்துக்கொண்டு போகும். பிழை வந்தால் அந்தத் துண்டைக் குறித்து வைத்துவிட்டு, அடுத்த சிறு பகுதியையும் தாண்டிக் குதிக்கும். பிழை தொடர்ந்தால் குதிக்கும் தூரம் கூடும். பிறகு விட்ட இடங்களை எதிர்த்திசையிலிருந்தும் அணுகிப் படிக்கும். இரண்டாவது கட்டம் ஓரம் கத்தரிப்பது: குறித்து வைத்த ஒவ்வொரு துண்டையும் முன்புறத்திலிருந்து செக்டர் செக்டராகப் படித்து, முதல் கெட்ட செக்டரில் நிற்கும், பிறகு பின்புறத்திலிருந்தும் அவ்வாறே வரும். மூன்றாவது கட்டம் சுரண்டுவது: இரு கெட்ட ஓரங்களுக்கும் நடுவில் எஞ்சியதை ஒவ்வொரு செக்டராகப் படித்துப் பார்க்கும். நான்காவது கட்டம் மறுமுயற்சி. கேட்டால்தான் அது நடக்கும்.

தொடங்கும் முன் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழுதான டிஸ்கை மவுண்ட் செய்யக் கூடாது. அதன் மேல் chkdsk, fsck போன்ற பழுதுபார்க்கும் கருவிகளையும் ஓட்டக் கூடாது. அவை டிஸ்கில் எழுதும். கெட்ட செக்டரின் மேல் எழுதினால் டிஸ்க் அதற்குப் பதில் வேறு இடத்தை ஒதுக்கிவிடும். பழைய தகவலைத் திரும்பப் பெறும் வாய்ப்பு அத்துடன் போகும். நகலை வைக்கும் டிஸ்கில் பழைய டிஸ்கின் மொத்தக் கொள்ளளவைவிடக் கூடுதலான காலியிடம் வேண்டும். பழுதானதை யூ.எஸ்.பி. பெட்டி வழியாக இணைப்பதைவிடத் தாய்ப்பலகையின் சாட்டா இணைப்பில் நேராகச் செருகுவது நல்லது; சில யூ.எஸ்.பி. பெட்டிகள் பிழையைச் சரியாகத் தெரிவிக்காமல் தொங்கிவிடும். எந்தப் பெயர் எந்த டிஸ்குக்கு உரியது என்பதை lsblk கட்டளையால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக 500 ஜிபி டிஸ்க் ஒன்று /dev/sdb என்ற பெயரில் தெரிகிறது என்று கொள்வோம். முதல் ஓட்டத்துக்கான கட்டளை இது:

```
ddrescue -d -n /dev/sdb disk.img disk.map
```

முதலில் மூல டிஸ்க், அடுத்து நகல், கடைசியில் மேப்ஃபைல். -d என்பது இயங்குதளத்தின் இடைநினைவகத்தைத் தவிர்த்து டிஸ்கை நேராகப் படிக்கச் சொல்கிறது. -n என்பது சுரண்டும் கட்டத்தை இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்கிறது. ஓட்டம் முடிந்ததும் டிஸ்கின் பெரும்பகுதி நகலில் வந்திருக்கும். எஞ்சியது என்ன என்பதை மேப்ஃபைல் சொல்லும். அது சாதாரண எழுத்துக் கோப்பு. திறந்தால், தலைப்பு வரிகளுக்குக் கீழே இப்படி இருக்கும்:

```
0x00000000    0x1000003000  +
0x1000003000  0x00000200    -
0x1000003200  0x00004C00    /
0x1000007E00  0x00000200    -
0x1000008000  0x6470BFE000  +
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் தொடங்கும் இடம், அடுத்து நீளம், கடைசியில் நிலை. எண்கள் பதினாறடிமானத்தில் பைட் கணக்கில் உள்ளன. + என்றால் படித்து முடித்தது. - என்றால் கெட்ட செக்டர். / என்றால் இன்னும் சுரண்டாத பகுதி. ஓட்டம் நடுவில் நின்றிருந்தால் இரண்டு குறிகளைக் கூடுதலாகக் காணலாம்: ? என்பது இன்னும் தொடாத இடம், * என்பது ஓரம் கத்தரிக்காத துண்டு. மேலே உள்ள வரைபடத்தில், டிஸ்கின் 68.7 ஜிபி தொலைவுக்கு அருகே இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கெட்ட செக்டர் உள்ளது. நடுவில் 19,456 பைட், அதாவது 38 செக்டர்கள், இன்னும் படிக்கப்படவில்லை. மற்ற எல்லாம் வந்துவிட்டது.

வேலையின் நினைவு முழுவதும் இந்தச் சிறு கோப்பில்தான் உள்ளது. ஓட்டத்தை Ctrl+C அழுத்தி நிறுத்தலாம், கணினியை அணைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். அதே நகல், அதே மேப்ஃபைல் பெயர்களோடு கட்டளையைக் கொடுத்தால் + என்று குறித்த இடங்களை அது மீண்டும் தொடாது. படிக்க முடியாத இடங்களில் நகலின் மேல் ddrescue எதையும் எழுதுவதும் இல்லை. அதனால் பிந்தைய ஓட்டத்தில் கிடைக்கும் செக்டர்கள் விடுபட்ட இடத்தில் சரியாக வந்து உட்காரும். மேப்ஃபைல் பெயரைக் கொடுக்க மறந்தால் இவை எதுவும் நடக்காது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அதை நல்ல டிஸ்கில் வைப்பதும், அவ்வப்போது ஒரு பிரதி எடுத்துக்கொள்வதும் அவசியம்.

இரண்டாவது ஓட்டத்தில் -n இல்லை, மறுமுயற்சி சேர்கிறது:

```
ddrescue -d -r3 /dev/sdb disk.img disk.map
```

இப்போது சுரண்டும் கட்டம் நடக்கும். அதன்பின் கெட்ட செக்டர்கள் மூன்று சுற்று மறுபடி முயலப்படும். ஒரு சுற்றில் ஒவ்வொரு செக்டரும் ஒரு முறைதான் படிக்கப்படும். ஒரு முறை வராத செக்டர் இன்னொரு முறை வருவதற்குக் காரணம் உண்டு. தலைப்பகுதி தடத்தின் மேல் சரியாக ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. டிஸ்கின் வெப்பமும் மாறுகிறது. பிழைகளின் எண்ணிக்கை குறியீட்டின் எல்லையை ஒட்டி இருந்தால், ஒருமுறை எல்லைக்குள் விழக்கூடும். -R கொடுத்தால் எதிர்த்திசையிலிருந்து தொடங்கும். மேலே சொன்ன டிஸ்கில் இந்த ஓட்டத்துக்குப் பின் மேப்ஃபைல் இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம்:

```
0x00000000    0x1000007000  +
0x1000007000  0x00001000    -
0x1000008000  0x6470BFE000  +
```

எஞ்சியது 4096 பைட்: தட்டின் மேல் உள்ள ஒரே ஒரு துண்டு. மேலும் எத்தனை சுற்று முயலலாம் என்பதற்கு விதி இல்லை. ஒரு சுற்றில் புதிதாகச் சில செக்டர்கள் கிடைத்தால் இன்னொரு சுற்று ஓட்டலாம். இரண்டு மூன்று சுற்றுகளில் ஒன்றும் வராவிட்டால் நிறுத்துவதே முறை.

இடையில் அடிக்கடி நேரும் சிக்கல் ஒன்று: டிஸ்க் திடீரென்று இணைப்பிலிருந்து விழுந்துவிடும். அப்போது பிழைகளின் எண்ணிக்கை திரையில் விறுவிறுவென ஏறும். உண்மையான கெட்ட செக்டர் நேரம் எடுத்துத்தான் தோற்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் பிழை வந்தால் அங்கே டிஸ்கே இல்லை என்று பொருள். உடனே நிறுத்தி, டிஸ்கின் மின்னிணைப்பை எடுத்துப் போட்டு, lsblk-இல் பார்க்க வேண்டும். /dev/sdb இப்போது /dev/sdc ஆகியிருக்கலாம். /dev/disk/by-id அடைவில் உள்ள பெயரைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் வராது. தவறாகக் கெட்டதெனக் குறிக்கப்பட்ட இடங்களை -M கொடுத்து மீண்டும் முயல வைக்கலாம்.

நகல் முடிந்தபின் பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிடலாம். இனி எல்லா வேலையும் நகலின் பிரதியில்தான். எந்தக் கோப்பு பழுதானது என்று காண, விடுபட்ட இடங்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பலாம்:

```
cp disk.img work.img
cp disk.map work.map
printf "BAD-SECTOR " > mark.txt
ddrescue --fill-mode=- mark.txt work.img work.map
```

பிறகு work.img-ஐப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, grep -rl கொண்டு அந்தச் சொல் உள்ள கோப்புகளைத் தேடினால் பழுதானவை தெரிந்துவிடும். எதிலும் கிடைக்காவிட்டால், கெட்ட துண்டு காலியிடத்திலோ கோப்பு முறைமையின் உள்பதிவுகளிலோ இருந்திருக்கலாம். கோப்பு முறைமையைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அடையாளம் இடாத இன்னொரு பிரதியின் மேல் fsck ஓட்டலாம்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. செக்டர்கள் மட்டும் கெட்டிருக்கும் டிஸ்குக்கே இது உதவும். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தாலோ, கணினிக்கு டிஸ்கே தெரியாவிட்டாலோ, கோளாறு இயந்திரப் பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முயற்சியும் தட்டை மேலும் கீறக்கூடும். தகவல் விலைமதிப்புள்ளது என்றால் அந்த நிலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் கொடுப்பதே சரி.