மடக்கை வரைபடத்தின் சுவர்

மழையளவுப் பட்டியல் ஒன்றை எக்செலில் ஏற்றி, ஒவ்வொரு நாளின் அளவுக்கும் மடக்கை கேட்டுப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் பெய்த நாளுக்கு 1 வரும், 100 பெய்த நாளுக்கு 2 வரும். ஒரு துளியும் விழாத நாளுக்கு, அதாவது =LOG(0) என்பதற்கு, #NUM! என்று வந்து நிற்கும். மென்பொருளில் பழுது இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் விடை கிடையாது.

மடக்கை என்பது அடுக்கைத் தேடும் கணக்கு. log₂8 எவ்வளவு என்றால், 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8 வரும் என்று கேட்கிறோம், விடை 3. அதே 2-ஐ வைத்துக்கொண்டு 0-ஐ வரவழைக்கப் பார்ப்போம். அடுக்கு −1 என்றால் 1/2, −2 என்றால் 1/4, −10 என்றால் 1/1024. பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகிறதே ஒழிய 0 வந்தபாடில்லை. 0-ஏ வராதபோது அதற்கும் கீழே மைனஸ் எண்கள் வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே y = log₂x என்ற சார்புக்குள் 0-ஐவிடப் பெரிய எண்கள் மட்டுமே நுழைய முடியும். பாடநூல் இதைச் சார்பகம் என்கிறது.

வரைபடத்தில் இது ஒரு சுவராகத் தெரியும். x = 0 என்ற குத்துக்கோட்டின் வலப்பக்கத்திலேயே வளைவு முழுவதும் அடங்கிவிடும்; கோட்டை நெருங்க நெருங்கக் கீழே கீழே பாயும், ஆனால் தொடாது. இப்படி நெருங்கியும் தொடாத கோட்டுக்குத் தொலைத்தொடுகோடு என்று பெயர்.

தொடாது என்பதைக் கண்ணால் நம்புவது கஷ்டம். ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று தாளில் வரைந்தால், y = −5 வரும்போதே வளைவுக்கும் அச்சுக்கும் இடைவெளி 1/32 சென்டிமீட்டர், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்தான். பென்சில் கோட்டின் தடிமனே அதை மூடிவிடும். கணினித் திரையில் வேறு விதமான மயக்கம். −10 முதல் 10 வரையுள்ள x அச்சை 1000 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு 0.02. அந்த முதல் புள்ளியில் log₂-இன் மதிப்பு சுமார் −5.6. அதற்குக் கீழே வரைய வேண்டியதெல்லாம் ஒரே புள்ளியின் அகலத்துக்குள் சிக்கிக்கொள்வதால், வளைவு அங்கேயே அறுந்துபோனதுபோல் தெரியலாம். இதைப் பார்த்துவிட்டு, வீச்சகம் −5.6-இல் தொடங்குகிறது என்று எழுதினால் தவறாகிவிடும். x-க்கு 0.001 கொடுத்துப் பாருங்கள்: −10-ஐ ஒட்டி விடை வரும்.

வலப்பக்கக் கோடியில் இதற்கு நேர்மாறான ஏமாற்றம் காத்திருக்கிறது. அங்கே வளைவு படுத்துக்கொண்டு, ஏதோ ஓர் உயரத்தோடு நின்றுவிடும்போல இருக்கும். நிற்காது. 30 சென்டிமீட்டர் உயரம் வேண்டுமா? x = 2³⁰ சென்டிமீட்டர் வரை தாள் வேண்டும்; அது 10,737 கிலோமீட்டர், பூமியின் விட்டத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இவ்வளவு மெதுவாக ஏறினாலும் எந்த உயரத்தையும் ஒருநாள் எட்டிவிடும். எனவே வீச்சகம் எல்லா மெய்யெண்களும். கிடையாக ஒரு தொலைத்தொடுகோடு இதற்குக் கிடையாது.

மழை பெய்யாத நாளுக்கு வருவோம். புள்ளியியலாளர்கள் இங்கே செய்வது, log₁₀x-க்குப் பதிலாக log₁₀(x + 1) எடுப்பது. 0 மழைக்கு 0, 9-க்கு 1, 99-க்கு 2. சுவர் 0-இலிருந்து −1-க்கு, அதாவது இடப்பக்கம், ஓர் அலகு நகர்ந்துவிட்டது. கூட்டினோம், ஆனால் இடப்பக்கம் போகிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். அடைப்புக்குள் இருப்பது எந்த x-க்கு 0 ஆகிறது என்று பார்த்தால் போதும், அங்கேதான் சுவர். x + 1 = 0 என்றால் x = −1. இந்த உபாயத்துக்கும் ஒரு விலை உண்டு. மில்லிமீட்டரில் அளந்தால் கூட்டிய 1 சொற்பம். அதே மழையைச் சென்டிமீட்டரில் எழுதி 1 கூட்டினால், 10 மில்லிமீட்டரைச் சேர்த்ததாகிறது. தூறலுக்கும் சாரலுக்கும் உள்ள வித்தியாசம் மங்கிவிடும். அடைப்புக்கு வெளியே கூட்டினால் இந்த வம்பே இல்லை. log₁₀x + 1 என்பது வளைவை ஓர் அலகு மேலே தூக்கும், அவ்வளவுதான். சுவரும் சார்பகமும் வீச்சகமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எதிரொளிப்பிலும் மைனஸ் குறி அடைப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் கேள்வி. வெளியே இருப்பதற்கு நாமறிந்த உதாரணம் பிஹெச் அளவு. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கைக்கு முன்னால் ஒரு மைனஸ். தூய நீரில் செறிவு லிட்டருக்கு 10⁻⁷ மோல் என்பதால் பிஹெச் 7. வளைவு x அச்சில் கவிழ்ந்துவிடுகிறது. சுவர் அசையவில்லை, ஆனால் அதை நெருங்கும்போது வளைவு கீழே பாயாமல் மேலே ஏறுகிறது. பிஹெச் 0 முதல் 14 வரைதான் என்று நினைப்பவர்கள் உண்டு. சூத்திரத்தில் அப்படி எந்த எல்லையும் இல்லை: செறிவு 10 மோல் என்று வைத்தால் −1 வரும். மைனஸ் உள்ளே வந்து log(−x) ஆனால், வளைவு y அச்சுக்கு அந்தப் பக்கம் புரளும்; சார்பகம் மைனஸ் எண்களாகிவிடும்.

எல்லாம் கலந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்: y = 2 − log₂(6 − 2x). முதலில் அடைப்புக்குள் மட்டும் பாருங்கள். 6 − 2x > 0 என்பதை 6 > 2x என்று மாற்றி எழுதிக்கொள்வது நல்லது. மைனஸ் எண்ணால் வகுத்து, சமனின்மைக் குறியைத் திருப்ப மறக்கும் ஆபத்து அதில் இல்லை. x < 3. சார்பகம் 3-க்குக் கீழான எண்கள் எல்லாம்; சுவர் x = 3-இல். அடைப்புக்குள் 6 இருப்பதைப் பார்த்து x = 6 என்று எழுதிவிடக் கூடாது.

இனி சில புள்ளிகள். x = −1 என்றால் உள்ளே 8, அதன் மடக்கை 3, y = −1. x = 1 என்றால் y = 0. x = 2 என்றால் y = 1, 2.5 என்றால் 2, 2.75 என்றால் 3. ஒவ்வொரு படி உயர்வுக்கும் சுவருக்கான தூரம் பாதியாகிறது. உள்ளே ஒரு மைனஸ், வெளியே ஒரு மைனஸ் என்று இரண்டு முறை புரண்டதால், வளைவு சுவரின் இடப்பக்கத்தில் நின்றுகொண்டு, அதை நோக்கி மேலே ஏறுகிறது. வீச்சகம் பழையபடி எல்லா மெய்யெண்களும்.

அந்த 2x-இல் உள்ள 2 என்ன ஆயிற்று? 6 − 2x என்பது 2(3 − x); பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டல் என்பதால் log₂(6 − 2x) = 1 + log₂(3 − x). ஆக, சார்பு வெறும் y = 1 − log₂(3 − x)-தான். கிடையாக வளைவைப் பாதியாக நெருக்கியதும், செங்குத்தாக ஓர் அலகு நகர்த்தியதும் மடக்கைக்கு ஒரே வேலை. வரைந்து முடித்த வளைவை மட்டும் பார்த்து, இரண்டில் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.