பொய் சொன்ன சென்சார்

மண் காய்ந்தால் மோட்டார் ஓட வேண்டும். நனைந்தால் தானாக நிற்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பொறியியல் கல்லூரிகளில் இதை ஆண்டுதோறும் யாராவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். புதுமை என்று மார்தட்ட ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்துக் காட்டியபோது நல்ல மதிப்பெண் கிடைத்தது. பிறகு நண்பனுடைய பெரியப்பாவின் மல்லிகைத் தோட்டத்தில் பொருத்தினோம். சில வாரம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் ராத்திரி மோட்டார் ஓடத் தொடங்கி, நிற்கவே இல்லை. தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்து முடித்துவிட்டு, வெறும் தொட்டியிலும் ஓடி, சீல் கருகிப்போனது. காலையில் பார்த்தால் பாத்தியெல்லாம் சேறு.

பெரியப்பா திட்டவில்லை. "ஏன் தம்பி, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பிடிச்சுப் பாத்தா ஈரம் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும்தான். எங்கள் சென்சாருக்குத்தான் தெரியவில்லை. கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண சென்சார் அது. மண்ணில் செருக இரண்டு கால் இருக்கும். ஈர மண்ணில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மின்சாரம் எளிதாகப் பாயும். காய்ந்த மண்ணில் தடுமாறும். அந்தத் தடையை ஆர்டுயினோ பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக வாசிக்கும். நாங்கள் வாங்கிய வகையில், காய்ச்சல் கூடக் கூட எண்ணும் கூடும். பூந்தொட்டியில் அளந்து பார்த்து 700 என்று ஓர் எல்லை வைத்தோம். புரோகிராமின் மூளை என்று சொல்லத்தக்கது இந்த நான்கு வரிதான்:

```
if (analogRead(A0) > 700)
  digitalWrite(MOTOR, LOW);
else
  digitalWrite(MOTOR, HIGH);
```

எண் 700-ஐத் தாண்டினால் மோட்டாரைப் போடு, இல்லாவிட்டால் நிறுத்து. படிக்கும்போது குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

சென்சாரைப் பிடுங்கிக் கழுவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு கால் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. இன்னொன்று பச்சை பூத்து, ஓரம் அரித்து, செம்புப் பூச்சு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. வெறும் ஈரத்தால் வந்த அரிப்பு என்றால் இரண்டு காலும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். ஒன்று மட்டும் கரைந்திருந்தது என்றால் வேலையைச் செய்தது மின்சாரம். இரவும் பகலும் ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்ததால், நேர்முனையாக இருந்த காலின் உலோகம் மெல்ல மெல்ல ஈர மண்ணில் கரைந்துவிட்டது. பள்ளி வேதியியலில் படித்த மின்னாற்பகுப்புதான். உரம் போட்ட மண்ணில் உப்பு அதிகம். மின்சாரமும் கூடுதலாகப் பாயும், கரைவதும் விரைவாகும்.

கால் கரைந்ததும் மின்சாரம் பாய வழி குறைந்தது. தடை ஏறியது, எண்ணும் ஏறியது. சேற்றுக்குள் நின்றுகொண்டே அந்தச் சென்சார் 'காய்ந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒயர் அறுந்தாலும் இதே கதைதான். எண் 1023-ஐ ஒட்டிப் போய் நிற்கும். ஆக, எங்கள் கருவியில் இப்படிப்பட்ட பழுது எது வந்தாலும் அது தாகமாகத்தான் தெரியும். மோட்டார் ஓடத்தான் செய்யும்.

இதை முன்பே பார்த்திருக்க முடியுமா என்றால், முடியும். எங்கள் கால அட்டவணையில் மொபைல் செயலி முதலில், பெட்டியும் வயரிங்கும் அடுத்து, மண்ணில் வைத்துப் பார்ப்பது கடைசியில் என்று இருந்தது. ரெவ்யூவில் காட்ட ஏதாவது வேண்டும். செயலி பளிச்சென்று தெரியும். ஆனால் செயலியை நான்கு ராத்திரி கண்விழித்து முடித்துவிடலாம். உலோகம் கரைவதை எந்த ராத்திரி விழிப்பாலும் விரைவுபடுத்த முடியாது. அதற்குரிய வாரங்களை அது எடுத்துக்கொள்ளும். செயலிக்கு எந்த நிறம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளிலேயே, ஒரு தொட்டி மண்ணில் உரம் கலந்து சென்சாரைச் செருகி மின்சாரம் கொடுத்து மூலையில் வைத்திருந்தால், அது ஆய்வக மேசையிலேயே செத்திருக்கும். நஷ்டம் ஒரு சென்சாரோடு போயிருக்கும். எது முக்கியம், எது எளிது என்று பார்த்து வேலைகளை வரிசைப்படுத்தினோம். எதற்கு நாள் பிடிக்கும் என்று பார்க்கவில்லை.

சோதனை செய்யவே இல்லை என்று சொல்ல முடியாது, நிறையவே செய்தோம். எல்லாம் ஒரே சோதனை. மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றுவோம், எண் சட்டென்று இறங்கும், மோட்டார் நிற்கும். தோட்டத்தில் மக் கிடையாது. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவாய் அது. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கிச் சென்சார் இருக்கும் இடத்துக்கு வருவதற்கே நேரமாகும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு என்ன ஆகிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வேலை செய்யும் என்று காட்டத்தான் சோதித்தோம்.

இந்த வகைப் பிசகு பூந்தொட்டிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1999 டிசம்பரில் நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் செவ்வாயில் இறங்கும்போது தொலைந்துபோனது. விசாரணைக் குழு மிகவும் சாத்தியமானது என்று சொன்ன காரணம் இது: வானிலேயே கால்களை விரித்தபோது ஏற்பட்ட அதிர்வை, தரையைத் தொட்டதாகச் சென்சார்கள் பதிந்துகொண்டன, தரைக்குச் சுமார் 40 மீட்டர் உயரத்தில் மென்பொருள் அதை நம்பி எஞ்சினை அணைத்துவிட்டது. பூமியில் நடந்த கால் விரிக்கும் சோதனையின்போது அந்தச் சென்சார்களின் வயரிங் தவறாக இருந்திருக்கிறது. வயரிங்கைச் சரிசெய்த பிறகு சோதனையைத் திரும்பச் செய்யவில்லை.

நாங்கள் இரண்டாவது முறை செய்தபோது சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுப்பதை நிறுத்தினோம். அரைமணிக்கு ஒருமுறை, வாசிக்கும் நொடியில் மட்டும் கொடுத்தால் போதும்; கரைவது வெகுவாகக் குறையும், அடியோடு நிற்காது. பெரிய மாற்றம் புரோகிராமில். ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு காய்ந்த மண்ணையும் அறுந்த ஒயரையும் பிரித்தறிய வழியில்லை. ஆனால் தண்ணீர் விட்ட பிறகு எண் இறங்குகிறதா என்று பார்க்கலாம். சொட்டுவாயைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து, அது அசையத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தத் தோட்டத்து மண்ணிலேயே அளந்தோம். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஓடியும் எண் இறங்காவிட்டால் மோட்டார் நின்று சிவப்பு விளக்கு எரியும். சென்சார் செத்தாலும் ஒயர் அறுந்தாலும் தொட்டி காலியானாலும் இந்த ஒரே கேள்வி பிடித்துவிடுகிறது.

சோதனைக்கு ஒரு தாள் போட்டோம். செய்வதற்கு முன்பே என்ன நடக்க வேண்டும் என்று எழுதிவிட வேண்டும் என்பது விதி. பிறகு எழுதினால் நடந்ததையே சரி என்று சொல்லிவிடத் தோன்றும். ஒயரைப் பிடுங்கு: நிற்க வேண்டும். நின்றது. பாதியில் கரண்டை நிறுத்தி மீண்டும் கொடு: மோட்டார் தானாக ஓடக் கூடாது. ஒரு நொடி ஓடியது. எங்கள் ரிலே பலகை தலைகீழ் வகை. சிக்னல் LOW ஆனால்தான் அது ஒட்டும். ஆர்டுயினோ விழித்தெழும் நொடியில் அதுவே முந்திக்கொண்டது. இரண்டு காலையும் கம்பியால் இணை: மோட்டார் ஓடவே இல்லை, எச்சரிக்கையும் இல்லை, ஏனென்றால் சென்சார் 'ஈரம்' என்று பொய் சொல்கிறது. சில நாட்களாக எண் அசையவே இல்லையென்றால் விளக்கு எரியட்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். மழைக்காலத்தில் அது வீணாகவும் எரிகிறது.

ஒரு பழுதுக்கு மட்டும் புரோகிராமில் மருந்தில்லை. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தச் சூட்டில் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். பிறகு நிறுத்து என்று ஆயிரம் முறை சொன்னாலும் மோட்டார் ஓடும். வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சின்ன ரிலேயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடுவில் ஒரு கான்டாக்டர் போடச் சொன்னார். தொட்டிக்குள் தனியாக ஒரு மிதவை சுவிட்சும் தொங்கவிட்டார். நீர் இறங்கினால் அது எங்கள் பெட்டியைக் கேட்காமலே லைனை அறுத்துவிடும்.