எந்தத் தோளின் பின்னால் நிற்பது? உரையாடல் காட்சியில் கோடு கடத்தல்

திரையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சி, பெரும்பாலும் இரு பக்கங்களிலிருந்து தனித்தனியே படமாக்கப்பட்டுப் பின்னர் தொகுக்கப்படுவதாகும். முதலில் ஒருவர் பேசும் பகுதி முழுவதையும் எடுப்பர். பிறகு விளக்குகளையும் கேமராவையும் இடம் மாற்றி மற்றவரை எடுப்பர். இடையில் ஒரு மணி நேரம் கழிந்திருக்கலாம். பார்ப்பவருக்கோ அது ஒரே உரையாடலாகத் தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றச் செய்வதற்கு உதவுவதே 180 பாகை விதி.

ஒரு மாணவர் குறும்படத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீட்டை விற்கப்போகும் செய்தியைப் பேரன் பாட்டியிடம் சொல்கிறான். சமையலறை மேசையின் ஒரு முனையில் பாட்டி, மறுமுனையில் பேரன். இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்வோம். கேமரா அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், மறுபக்கம் செல்லலாகாது. முதலில் இருவரையும் சேர்த்துக் காட்டும் ஷாட்டில் பாட்டி திரையின் இடப்புறம் அமர்ந்து வலப்புறம் பார்க்கிறார்; பேரன் வலப்புறம் அமர்ந்து இடப்புறம் பார்க்கிறான். பார்ப்பவர் மனத்தில் இந்த அமைப்பு பதிந்துவிடுகிறது.

அடுத்து, பேரனின் இடத்தோளுக்குப் பின்னிருந்து பாட்டியை எடுக்கிறோம். பாட்டி வலப்புறமே பார்க்கிறார். இனிப் பேரனை எடுக்க வேண்டும். இப்போதும் இடத்தோள்தானே என்று கருதிப் பாட்டியின் இடத்தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தால், அறியாமலேயே கோட்டைக் கடந்துவிடுகிறோம். எதிரெதிரே அமர்ந்தவர்களில் ஒருவரின் இடக்கைப்புறம் மற்றவரின் வலக்கைப்புறமன்றோ? ஆகவே முதல் ஷாட் ஒருவரின் இடத்தோள் வழியே எடுக்கப்பட்டால், மறு ஷாட் மற்றவரின் வலத்தோள் வழியே எடுக்கப்பட வேண்டும். கோட்டைத் தரையில் வரைந்து பார்க்க இயலாத இடத்திலும் இந்த ஒன்றை நினைவிற்கொண்டால் போதும்.

தவறினால் நேர்வது என்ன? பேரன் திரையின் இடப்புறம் தாவி, பாட்டியைப் போலவே வலப்புறம் பார்க்கிறான். ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு மாறாக, இருவரும் அறையிலுள்ள மூன்றாம் ஆளைப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. செய்தியைக் கேட்டுப் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாரோ என்றுகூடச் சிலர் எண்ணக்கூடும். அந்த மயக்கம் ஓரிரு நொடிகளே நீடிக்கலாம். ஆனால் பேரன் சொல்லும் முக்கியமான சொற்கள் அந்த நொடிகளில் காதில் விழாமற் போகும். ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியைப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டிலும் மூக்கு எத்திசை நோக்குகிறது என்று மட்டும் கவனித்தால் பிழை உடனே புலப்படும்.

இதைத் தொகுப்பின்போது படத்தை இடவலமாகத் திருப்பிச் சரிசெய்ய முயல்வோர் உண்டு. பார்வைத் திசை சரியாகிவிடும். ஆனால் பேரனின் சட்டைப்பை வலப்பக்கம் வந்துவிடும். சுவர் நாட்காட்டியின் எண்கள் தலைகீழாய் அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு நிற்கும். பாட்டியின் இடத்தோளில் கிடந்த முந்தானை வலத்தோளில் கிடக்கும். ஒரு பிழையை நீக்கப்போய்த் தொடர்ச்சிப் பிழைகள் மூன்று சேர்ந்துவிடுகின்றன. இதனினும் நல்ல வழி, படப்பிடிப்பிலேயே கேமராவைக் கோட்டின் குறுக்கே நகர்த்தி, அந்த நகர்வைப் பார்ப்பவருக்குக் காட்டிவிடுவது. பேரன் எழுந்து மேசையைச் சுற்றி வந்து மறுபுறம் அமர்ந்தாலும் புதிய கோடு பிறக்கிறது. அவன் நடப்பதைக் கண்ட பார்வையாளர் குழம்புவதில்லை.

கோட்டைக் காத்தாலும் மேசைமேல் இருக்கும் காப்பிக் குவளை காட்டிக்கொடுத்துவிடலாம். தோள் வழியே எடுக்கும் ஷாட்டில் முதுகு காட்டுபவரின் கையும் தெரியும். பாட்டியைக் காட்டும் ஷாட்டில் பேரன் குவளையை உயர்த்தியிருக்க, அவனைக் காட்டும் ஷாட்டில் அது மேசைமேல் இருந்தால் இரண்டையும் அவ்விடத்தில் ஒட்ட முடியாது. எனவே தொடர்ச்சியைக் கவனிப்பவர், எந்தச் சொல்லில் எந்தக் கை குவளையை எடுத்தது, எந்தச் சொல்லில் வைத்தது, காப்பி எவ்வளவு இருந்தது என்று வசனத்தாளிலேயே குறித்துக்கொள்கிறார். இடம் மாறியபின் நடிகர் அதே சொல்லில் அதே செயலைச் செய்கிறார்.

இவ்விதி மீறவே முடியாததன்று. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு, 1953இல் வெளிவந்த ‘டோக்கியோ ஸ்டோரி’ முதலிய படங்களில் கோட்டைத் தயங்காமல் கடந்தார். எனினும் பேசுபவர்களை ஏறத்தாழ நேர்முகமாக, ஒரே அளவில், சட்டகத்தின் ஒரே இடத்தில் அமைத்தார். ஷாட்டுக்கு ஷாட் மாறாத அந்த ஒழுங்கே, திசை செய்யும் வேலையை அவர் படங்களில் செய்தது. கோட்டைக் கைவிடுவோர் அதற்கு ஈடாக வேறோர் ஒழுங்கைப் பார்வையாளருக்குத் தர வேண்டியிருக்கிறது.