தோசை மாஸ்டர் ஏன் நிற்பதில்லை?

காலை 5 மணிக்கு இட்லிக் கொப்பரை ஏற்றி 11 மணி வரை வேலை; திரும்ப மாலை 4 முதல் இரவு 11 வரை. நடுவில் இருப்பது ஓய்வல்ல, காத்திருப்பு. நம் ஊர் ஓட்டல்களில் மாஸ்டர்கள் சொல்லாமல் கிளம்புவதற்குச் சம்பளத்தைவிட இந்த உடைந்த ஷிப்ட் பெரிய காரணம் என்பேன்.

காலைக் குழு, மாலைக் குழு என்று பிரித்தால் கூடுதலாக ஓரிருவர் வேண்டும். செலவுதான். ஆனால் மாஸ்டர் போனால் அட்வான்ஸும் போகும், சாம்பாரின் ருசியும் மாறும். வார விடுமுறைப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும். மதியக் கூட்டத்துக்கு முன்பே, மிச்சத்தை அல்ல, சூடான சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட விட வேண்டும்.

காய் வெட்டும் பையன் மாலை 3 மணிக்குக் கல் பழகட்டும். அவன் வார்க்கும் முதல் தோசைகள் ஊழியர் தட்டுக்கே போகட்டும். சிக்கல், மாஸ்டர் தொழிலை ஒளிப்பதில் இருக்கிறது. தன் இடம் போய்விடுமோ என்ற பயம். ஒருவரைத் தேற்றினால் அவருக்கும் தனித்தொகை என்று பேசிவிடுங்கள். எந்த வேலை தெரிந்தால் எவ்வளவு சம்பளம் என்பதைச் சமையலறைச் சுவரிலேயே எழுதிப் போடுங்கள்.