மாட்டுக்கொட்டகை: வரைபடத்திலிருந்து பொருள் பட்டியல்

ஒரு தாளில் நீளமும் அகலமும் குறித்து, நான்கு கோடுகள் போட்டு, மேலே ஒரு சரிவுக் கூரை வரைந்தால் மாட்டுக்கொட்டகையின் வரைபடம் தயார். ஆனால் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பட்டியல் அந்தக் கோடுகளில் அப்படியே கிடைத்துவிடாது. மண்ணுக்கு அடியில் போகும் சுவர், ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் இடம், பைப்பை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாதவை. பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. ஆறு மாடுகள் ஒரே வரிசையில் நிற்கும் ஒரு கொட்டகையை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடக்கத்திலிருந்து போட்டால் இது விளங்கும்.

மாட்டுக்கு 4 அடி வீதம் நீளம் 24 அடி, அகலம் 14 அடி. இந்த அளவுகள் தூணின் நடுவிலிருந்து தூணின் நடுவுக்கு எடுத்தவை. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் தரையிலிருந்து 3 அடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஒரு பக்கவாட்டில் மாடு வந்துபோக 4 அடி வழி. முன்பக்கம் திறப்பு. நீளவாட்டில் 8 அடிக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டுத் தூண்கள். முன்தூண் தரையிலிருந்து 10 அடி, பின்தூண் 8 அடி. கூரை பின்பக்கமாக ஒரே சரிவு. கொட்டகைத் தரை வெளி மண்மட்டத்தைவிட ஓரடி உயரம். தளமும் தீவனத் தொட்டியும் தனிப் பட்டியல். அவற்றை இதோடு சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் செங்கல். கண்ணுக்குத் தெரியும் சுவரின் நீளம் 24, 14, 14 சேர்த்து 52 அடி. வழிக்கு 4 அடி கழித்தால் 48. கனம் முக்கால் அடி, உயரம் 3 அடி என்றால் 108 கன அடி. செங்கல் கட்டுமானத்தில் கன அடிக்குச் சுமார் 14 கல் பிடிக்கும். ஆகவே 1,500 கல் போதும் என்று தோன்றும். வரைபடத்தை மட்டும் பார்த்துக் கல் இறக்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஏனென்றால் சுவர் தரையில் தொடங்குவதில்லை. இரண்டடி ஆழத்துக்கு வானம் தோண்டி, அரையடி கான்கிரீட் போட்டு, அதன்மேல் மண்மட்டம் வரை ஒன்றரை அடியும், பேஸ்மட்டத்துக்கு இன்னும் ஓரடியுமாக இரண்டரை அடி உயரம் கட்டியாக வேண்டும். இந்த அடிச்சுவரின் கனம் பதின்மூன்றரை அங்குலம், அதாவது ஓரடிக்குச் சற்று மேல். மேலே சுவர் இல்லாத முன்பக்கத்திலும் தரை மண் சரியாமல் தாங்க அடிச்சுவர் வேண்டும். வழி விட்ட இடத்துக்கும் கீழே அது ஓடியாக வேண்டும். ஆகவே நீளம் 48 அடி அல்ல, நான்கு பக்கமும் சேர்த்து 76 அடி. கணக்கிட்டால் சுமார் 214 கன அடி வருகிறது. பார்வைக்குத் தெரியும் சுவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டுமானம் மண்ணோடும் தரையோடும் மறைந்துவிடுகிறது.

இரண்டும் சேர்ந்து 322 கன அடி. தூண்களைத் தாங்கும் கான்கிரீட் பீடங்கள் சுவருக்குள் சுமார் 25 கன அடி இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 297 கன அடிக்குச் சுமார் 4,160 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 4,400 கல் என்று எழுதலாம். நாட்டுச் செங்கல்லின் அளவு சூளைக்குச் சூளை மாறும். அதனால் பத்துக் கல்லை ஒட்டி அடுக்கி அளந்து பார்த்துவிட்டு எண்ணிக்கையை உறுதி செய்வது நல்லது.

நீளத்தை எங்கிருந்து அளப்பது என்பதும் முக்கியம். சுவரின் வெளிமுகத்தில் நான்கு பக்கமும் அளந்து கூட்டினால் ஒவ்வொரு மூலையும் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். இந்த அடிச்சுவரில் அப்படி அளந்தால் நான்கரை அடி கூடும். சுமார் 180 கல் வீணாக வந்து இறங்கும். உள்முகத்தில் அளந்தாலோ அதே அளவு குறையும். சுவரின் நடுக்கோட்டில் அளப்பதே சரி.

அடுத்தது தூண். பைப்பை நேராகக் குழியில் நட்டுக் கான்கிரீட் கொட்டுவது பரவலான வழக்கம். மாட்டுக்கொட்டகைக்கு அது பொருந்தாது. கோமியமும் கழுவும் நீரும் எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் தரைமட்டத்தில்தான் பைப் முதலில் துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் புடைத்து, தட்டினால் மந்தமான ஓசை வரும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். அதற்குப் பதிலாக ஓரடிச் சதுரக் கான்கிரீட் பீடம் கட்டி, அதைத் தரைக்கு மேல் ஓரடி உயர்த்தி, அதன் தலையில் இரும்புப் பிளேட் வைத்து போல்ட் போட்டுத் தூணை நிறுத்தலாம்.

இதில் பைப்பும் மிச்சம். கடையில் பைப் 20 அடி நீளத்தில் வரும்; சரியாகச் சொன்னால் 6 மீட்டர், அதாவது 20 அடிக்கு நாலு அங்குலம் குறைவு. தரைக்குக் கீழே இரண்டரை அடி புதைத்தால் முன்தூணுக்குப் பன்னிரண்டரை அடியும் பின்தூணுக்குப் பத்தரை அடியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து 23 அடி. ஒரு பைப்பில் ஒரு தூண்தான் கிடைக்கும், எட்டுத் தூணுக்கு எட்டுப் பைப். பீடத்தின் மேல் நிறுத்தினால் முன்தூண் 9 அடி, பின்தூண் 7 அடி. ஒரே பைப்பில் இரண்டும் வந்துவிடும். மூன்று அங்குல உருண்டைப் பைப் நான்கு என்று எழுதினால் முடிந்தது. கூடவே எட்டுப் பிளேட், பிளேட்டுக்கு நான்கு வீதம் 32 போல்ட்.

எட்டுப் பீடத்துக்கும் அவற்றின் அடிப்பாகத்துக்கும் சேர்த்துச் சுமார் 52 கன அடி கான்கிரீட்டும் 75 கிலோ கம்பியும் பிடிக்கும். வானத்தின் அடியில் போடும் கான்கிரீட், இரண்டடி அகலத்துக்கு, 76 கன அடி. சிமென்ட் இப்படிப் பிரியும்: வானத்துக்கு 8 மூட்டை, பீடங்களுக்கு 10, ஒன்றுக்கு ஆறு கலவையில் சுவர் கட்ட 11, சுவரின் இருபுறமும் மேல்விளிம்பும் பேஸ்மட்டத்தின் வெளிமுகமும் பூச 4, ஆக 33 மூட்டை. எம்-சாண்ட் இரண்டு யூனிட், அதாவது 200 கன அடி. இதில் கொஞ்சம் தளத்துக்கு மிஞ்சும். நாற்பது மில்லி ஜல்லி முக்கால் யூனிட், இருபது மில்லி ஜல்லி அரை யூனிட். சிமென்ட்டை ஒரே நேரத்தில் இறக்க வேண்டாம். கான்கிரீட் வேலைக்கு 20 மூட்டை முதலில், மீதி சுவர் எழும்போது என்று பிரித்து வாங்கினால் மூட்டை கட்டிதட்டிப் போகாது.

இனி கூரை. 14 அடி அகலத்துக்கு 2 அடி இறக்கம் என்றால் சரிவின் நீளம் 14 அடி 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முன்னும் பின்னும் இரண்டடி தாவாரம் நீட்டினால் 18 அடி 2 அங்குலம் வரும். இரண்டு அங்குலத்துக்காக 20 அடி ஷீட் வாங்குவதா, இரண்டு துண்டு போட்டு நடுவில் ஒட்டு வைப்பதா? இரண்டுமே வேண்டாம். தாவாரத்தைப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் குறைத்தால் 18 அடி ஷீட் ஒட்டே இல்லாமல் முழுநீளம் பிடிக்கும். இவ்வளவு தாழ்ந்த சரிவில் நடுவில் ஒட்டு வைத்தால், காற்றோடு வரும் மழை அந்த இடுக்கில் ஏறி உள்ளே சொட்டும். வரைபடத்தைப் பொருளுக்குத் தகுந்தாற்போல் திருத்துவதும் கணக்கின் ஒரு பகுதிதான்.

எண்ணிக்கையில் தவறு நேர்வது அகலத்தில். கலர் ஷீட்டின் அகலம் சுமார் மூன்றரை அடி. ஆனால் ஒரு ஷீட்டின் விளிம்பு வளைவு அடுத்ததன் மேல் ஏறி உட்கார்வதால், அது உண்மையில் மூடுவது ஒரு மீட்டர், அதாவது 3 அடி 3 அங்குலம் அளவு. 24 அடி நீளத்துக்கு இரு ஓரமும் ஒன்றரை அடி நீட்ட நினைத்தால் மொத்தம் 27 அடி. அதை மூன்றரையால் வகுத்து எட்டு ஷீட் என்று வாங்கினால், போட்டு முடிக்கும்போது அரையடி குறையும். ஓரத்தில் நீட்டலைச் சுமார் ஒன்றேகால் அடியாக வைத்தால் எட்டு ஷீட் சரியாகப் போதும். பட்டியலில் எழுத வேண்டியது: 18 அடி ஷீட் 8.

ஷீட்டைத் தாங்க, தூணுக்குத் தூண் சரிவாகச் செல்லும் பைப் நான்கு. நான்குக்கு இரண்டு அங்குலப் பெட்டிப் பைப்பில் ஒவ்வொன்றும் முழு நீளம். அவற்றின் மேல் குறுக்கே ஓடும் பைப் இரண்டு அங்குலச் சதுரம், ஒன்றுக்கொன்று மூன்றரை அடிக்குள் இருக்கும்படி ஆறு வரிசை. இந்தக் கனங்கள் உள்நாட்டுப் பகுதிக்கானவை. புயல் அடிக்கும் கடலோர ஊர்களில் பைப்பின் கனத்தைப் பொறியாளரிடம் காட்டி உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது.

ஒரு குறுக்கு வரிசையின் நீளம் 26 அடிக்குச் சற்று மேல். ஆறு வரிசைக்கு 157 அடி. பைப் நீளத்தால் வகுத்தால் எட்டுப் பைப் போதும் என்று விடை வரும். ஆனால் ஒட்டு அந்தரத்தில் விழக் கூடாது, சரிவுப் பைப்பின் மேல்தான் விழ வேண்டும். அப்படி வைத்தால் ஒவ்வொரு வரிசையும் 17 அடித் துண்டும் 9 அடித் துண்டுமாகப் பிரிகிறது. பதினேழுக்கு ஆறு பைப். ஒன்பதுக்கு ஒரு பைப்பில் இரண்டாக மூன்று பைப். ஆக ஒன்பது. மீறும் ஆறு இரண்டரை அடித் துண்டுகளைத் தூணுக்கும் சரிவுப் பைப்புக்கும் இடையே சாய்வாகப் பற்றவைத்தால் காற்றுக்குத் தாங்கும். பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. எல்லா வரிசையின் ஒட்டும் ஒரே சரிவுப் பைப்பில் வராமல் வரிசைக்கு வரிசை மாற்றி வைக்க வேண்டும்.

ஷீட்டை இறுக்க, ரப்பர் வாஷர் வைத்த திருகாணி குறுக்குப் பைப் ஒவ்வொன்றிலும் ஷீட்டுக்கு ஐந்து வீதம் 240. விழுந்து தொலைவதையும் சேர்த்து 300 வாங்கலாம். போல்ட்டும் கம்பியும் முதல் லோடிலேயே வந்துவிட வேண்டும், ஏனென்றால் பீடத்தில் கான்கிரீட் கொட்டும்போதே போல்ட்டைப் பதித்தாக வேண்டும். ஷீட்டும் பைப்பும் தூண் நின்றபின், இடத்தில் ஒருமுறை அளந்து பார்த்து வாங்கினால் போதும். இரண்டையும் வாங்கும்போது நீளத்தோடு தகட்டின் கனத்தையும் மில்லிமீட்டரில் பில்லில் எழுதச் சொல்லுங்கள். விலை குறைவாகத் தெரியும் ஷீட் பெரும்பாலும் கனம் குறைந்த ஷீட்டாகத்தான் இருக்கும்.