ஒற்றைக் கண்ணில் மட்டும் ஏன் நீர்?

பெங்களூருவில் கண்ணில் நீர் வடிந்தால் காரணம் கேட்கவே வேண்டாம். மெட்ரோ வேலைத் தூசி, மகரந்தம், பார்த்தீனியம் என்று எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு அலர்ஜி சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். பாதி நேரம் அந்தக் கணிப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் தூசிக்கு இடது, வலது தெரியாது. அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சிவக்கும், முக்கியமாக அரிக்கும். அரிப்பே இல்லாமல், மாதக்கணக்கில், ஒரே கண்ணில் நீர் வழிந்தால் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கண்ணீர் வெளியேறும் வழியை.

அல்சூரில் வசிக்கும், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு மாதமாக இடது கண்ணில் நீர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கன்னம் வரை வழிகிறது. காலையில் அந்தக் கண்ணில் மட்டும் பீளை ஒட்டியிருக்கிறது. யாராவது பார்த்தால் ‘ஏன் அழறீங்க?’ என்கிறார்கள். சொட்டு மருந்தை மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

கண்ணீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆனால் கன்னத்தில் வழிவதில்லை. மேல், கீழ் இமைகளின் மூக்கோர முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய துளை ஒவ்வொன்று உண்டு. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் அந்தத் துளைகள் வழியே உறிஞ்சப்பட்டு, இரு மெல்லிய குழாய்களில் ஓடி, மூக்கெலும்பின் ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ப் பையில் சேர்கிறது. அங்கிருந்து எலும்புக்குள் இறங்கும் ஒரு நாளம் அதை மூக்குக்குள் விடுகிறது. கண்ணில் மருந்து விட்டால் தொண்டை கசப்பது இந்த வழி திறந்திருப்பதால்தான்.

வயதானவர்களுக்கு அடைப்பு வருவது பெரும்பாலும் கடைசிப் பகுதியில், எலும்புக்குள் போகும் நாளத்தில். உள்சவ்வு மெல்ல வீங்கி, தழும்பாகிச் சுருங்கிவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இது கூடுதலாகத் தெரிகிறது. அவர்களுடைய நாளம் சற்றுக் குறுகலாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாஷ்பேசின் குழாய் அடைத்தால் தொட்டி நிரம்பி அழுக்குத் தேங்குவதுபோல, பையில் தேங்கும் கண்ணீரில் கிருமி வளர்கிறது. காலைப் பீளை அதன் அடையாளம். சொட்டு மருந்து கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கும், தழும்பைத் திறக்காது.

டாக்டர் முதலில் செய்வது எளிய வேலை. கண்ணின் உள்முனைக்குக் கீழே, மூக்கோரமாக விரலால் அழுத்துவார். இமைத் துளையிலிருந்து சளிபோல ஏதாவது வந்தால் அடைப்பு கிட்டத்தட்ட உறுதி. பிறகு ‘சிரிஞ்சிங்’. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கீழ் இமைத் துளையில் முனை மழுங்கிய மெல்லிய ஊசிக்குழாயை நுழைத்து உப்பு நீரைச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. நம் அம்மாவுக்கு உப்பு தெரியவில்லை. விட்ட நீர் மேல் இமைத் துளை வழியே திரும்பி வந்தது. இமைக் குழாய்கள் நன்றாக இருக்கின்றன, அடைப்பு பெரும்பாலும் பைக்குக் கீழே என்று அர்த்தம். விட்ட துளையிலேயே நீர் திரும்பியிருந்தால் அடைப்பு இமைக் குழாயிலேயே இருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு, கடினமும் கூட.

இந்த அம்மாவுக்குத் தீர்வு டி.சி.ஆர். அறுவை சிகிச்சை. பழைய நாளத்தைக் குத்தித் திறப்பதில்லை. அதை விட்டுவிட்டு, பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பில் துளை போட்டுப் புது வழி அமைக்கிறார்கள். இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904-ல் விவரித்த முறை இது. மூக்கோரம் சிறு கீறல் வழியே செய்யலாம், வெளித்தழும்பு வேண்டாமென்றால் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டும் செய்யலாம். பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் தரும். மீதிப் பேருக்குப் பெரும்பாலும் புதுத் துளை தழும்பால் மூடிக்கொள்கிறது. முடிந்ததும் சில நாள் மூக்கைச் சிந்தக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தள்ளிப்போட்டால் பை ஒருநாள் சிவந்து, வீங்கி, தொட முடியாத வலியோடு சீழ் கட்டலாம். அப்போது அழுத்தவும் கூடாது, சிரிஞ்சிங்கும் கூடாது. முதலில் ஆன்டிபயாட்டிக், பெரும்பாலும் ஆறிய பிறகே அறுவை. கண்ணீரில் ரத்தம் கலந்தாலோ, உள்முனைக்கு மேலே வீக்கம் தென்பட்டாலோ கட்டியா என்று ஸ்கேன் செய்து பார்த்தாக வேண்டும். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இவற்றோடு ஒரு கண்ணில் நீர் என்றால் அது வேறு கதை. கருவிழிப் புண்ணாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன் சிரிஞ்சிங் செய்து பார்ப்பதும் பையில் கிருமி தேங்கியிருக்கலாம் என்பதால்தான். பையில் சீழ் இருக்கும்போது லென்ஸ் வைத்தால் கிருமி கண்ணுக்குள் போய்விடலாம். அதனால் கண்புரையைத் தள்ளிவைத்து இதை முதலில் சரிசெய்வார்கள். மிகவும் வயதானவர்களுக்கு டி.சி.ஆருக்குப் பதில் பையையே எடுத்துவிடுவதும் உண்டு. அதில் சீழ்த் தொல்லை தீரும். ஆனால் நீர் வழிவது நிற்காது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், செய்யப்போவது எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.