மண் வேறு, உப்பு வேறு

வாஷிங் மெஷின் தண்ணீரே எடுக்கவில்லை என்று கூப்பிட்டால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் மெஷினின் பின்பக்கம்தான் போவார். குழாயைக் கழற்றினால் உள்ளே விரல்நுனி அளவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் வலை இருக்கும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அதில் பழுப்பு மண்ணும், சில சமயம் வெள்ளையாக இறுகிய உப்பும் அப்பிக்கிடக்கும். இதை நாமே சரி செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, வலையைக் குறடால் மெதுவாக இழுத்தெடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் மண் போய்விடும். வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்க வேண்டும்.

மண் அடிக்கடி வந்து அடைக்கிறதென்றால் மெஷினுக்கு முன்னால் ஒரு வடிகட்டி போடலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாடி இல்லாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் மெஷினைவிட 3 மீட்டர் உயரம் என்றால், கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். பல மெஷின்களுக்கு அதுவே குறைந்தபட்சத் தேவை. இந்த நிலையில் குடிநீர்க் கருவிக்குப் போடும் 5 மைக்ரான் பஞ்சு வடிகட்டியைப் பொருத்தினால், சில வாரங்களில் அது அடைத்துத் தண்ணீர் நூலாக ஒழுகும். நன்றாக இருந்த மெஷின் கெட்டுப்போனதாகத் தோன்றும். துணிக்கு 100 மைக்ரான் அளவிலான, கழுவிப் போடக்கூடிய கம்பி வலை வடிகட்டியே போதும். தொட்டியின் அடியில் தேங்கும் சேற்றையும் அவ்வப்போது வெளியேற்ற வேண்டும்.

ஆனால் எந்த வலையாலும் உப்பைப் பிடிக்க முடியாது. கால்சியமும் மக்னீசியமும் தண்ணீரில் கரைந்தே இருப்பதால் வலைக்குள் நுழைந்து போய்விடும். ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை இரவு முழுக்க அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் படிந்தால் மண். தெளிந்தே இருந்தும் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டால் கடினத்தன்மை. அந்தத் திரிதான் துணியில் ஒட்டி வெள்ளையைச் சாம்பலாக்குகிறது, துண்டை விறைக்க வைக்கிறது. பிடித்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் சற்று நேரத்தில் செம்பழுப்பானால் அது இரும்பு. அந்தக் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகப் பதியும்.

குழாயில் மாட்டும் பாஸ்பேட் உருண்டை வடிகட்டி ஹீட்டரில் உப்பு படிவதைக் குறைக்கும். கடினத்தன்மையை நீக்காது. அதை நீக்குவது சாப்ட்னர். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால் டிடிஎஸ் மீட்டரில் எண் குறையாது. குறையவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். ரெசின் நிறைந்ததும் கறியுப்புக் கரைசலால் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் துண்டு மறுபடி விறைக்கத் தொடங்கும். கடலோரக் கிணறுகளில் வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீருக்கு மட்டும் சாப்ட்னரும் உதவாது. அங்கே கடைசி அலசலுக்காவது மழைநீரையோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ பயன்படுத்துவதுதான் வழி.